கணக்குக்கு மேல் ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கிடங்கில் ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர் துணி அதிகமாக இருந்தது. குறைந்திருந்தால்கூட இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். குறைந்தால் தேடலாம், கூட்டல் தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். கண் முன்னால் குத்துக்கல்லாட்டம் நிற்கும் துணியை என்ன செய்வது? மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் புத்தகம் இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் என்றது, ரேக் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்றது.

நான் இந்தத் தொழிற்சாலையில் பாண்டு கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாண வீடுகளில் என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவாள். புரியாத வேலை என்று அவளுக்கு ஒரு வருத்தம். அதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. நாங்கள் மழைக்கோட்டு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அதற்கான நீர் புகாத துணியும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. சாதாரணமாக அப்படி வரும் துணிக்குத் துறைமுகத்திலேயே சுங்கத் தீர்வை கட்ட வேண்டும். நாங்கள் கட்டுவதில்லை. ஏமாற்றுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்துக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு, துணியைக் கட்டடத்தின் பின்பக்கத்தில், சுங்கத்துறை அனுமதித்த கிடங்கில் பூட்டி வைக்கிறோம். அந்தத் துணி கோட்டாகிக் கப்பல் ஏறிவிட்டால் தீர்வை கிடையாது. உள்ளூரில் விற்றால் அன்றைக்கே தீர்வை கட்டியாக வேண்டும். வந்த ஒவ்வொரு மீட்டரும் எங்கே போனது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

எதிர்ச்சாரியில் பை தைக்கும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அவர்களுக்குப் பாண்டு கிடங்கு இல்லை. முதலில் தீர்வையைக் கட்டித் துணியை எடுப்பார்கள், பை கப்பல் ஏறிய பிறகு கட்டிய தீர்வையைத் திருப்பிக் கேட்டு டிராபேக் விண்ணப்பம் போடுவார்கள். வந்துவிடும், வராமல் போகாது. வருகிற வரைக்கும் அந்தப் பணம் அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்த முதலாளி சுங்க அலுவலகத்துக்கு நடந்த நடையில், அங்கே வாசலில் இருக்கும் காவலாளி அவருடைய முழங்கால் வலியை விசாரிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார். நாங்களும் ஜிப்புக்கு மட்டும் அந்த வழிதான். தீர்வை கட்டி வாங்கி, ஏற்றுமதியானதும் திருப்பிக் கேட்போம். ஒரு கோட்டுக்கு ஒரு ஜிப், அதில் யாருக்கும் சண்டை வராது. துணிக்கும் அந்த வழியில் போகச் சொன்னால் எங்கள் தொழிற்சாலை நான்கு மாதம் தாங்காது. அறுபத்திரண்டு பேர் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

துணிக் கணக்கு ஒரு அளவை வைத்து ஓடுகிறது. ஒரு கோட்டுக்கு ஒன்று புள்ளி ஆறு மீட்டர். அதில் ஒன்று புள்ளி மூன்று ஆறு கோட்டுக்குள் போகும், மிச்சம் இருபத்து நான்கு சென்டிமீட்டர் வெட்டும்போது துண்டு துண்டாக விழும். மூன்று வருஷத்துக்கு முன்பு சுங்கத்துறை ஒப்புக்கொண்ட அளவு இது. போன வருஷத்துக் கையிருப்பு எல்லாம் தீர்ந்து, இந்த வருஷம் புதிதாகப் பதினெட்டாயிரம் மீட்டர் வந்தது. ஒன்பதாயிரத்து ஐந்நூறு கோட்டு போனது. ஆறால் பெருக்கி, பத்தால் வகுத்து, கூட்டிக் கழித்துப் பாருங்கள், இரண்டாயிரத்து எண்ணூறுதான் மிஞ்ச வேண்டும்.

மிச்சத் துணி எல்லாம் கடைசி ரேக்கில் இருந்தது. பிரித்துப் பாதி தீர்ந்த ரோல்கள். வெட்டும் பகுதிக்கு நான் கணக்குப்படி துணி கொடுக்க, அங்கே வேலை முடிந்து மிஞ்சியதைத் தள்ளுவண்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சுமக்கிறவர்கள் அதைக் கொண்டுவந்து கடைசி ரேக்கில் அடுக்கியிருக்கிறார்கள். யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியவள் நான்தான். நானோ, ஒவ்வொரு நாளும் எத்தனை கோட்டு வெட்டினார்கள் என்று மட்டும் கேட்டுக் கணினியில் தட்டினேன். அது ஒன்று புள்ளி ஆறால் பெருக்கிக்கொண்டது. பதினொரு மாதம்.

வியாழக்கிழமை சுங்க அதிகாரி வருடாந்திரக் கையிருப்பு சரிபார்க்க வருகிறார்.

நேராக முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குப் பயம் வந்தால் என்ன யோசனை எல்லாம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதிகமாத்தானேம்மா இருக்கு? நல்லதுதானே?" என்றார் முதலில்.

"சார், அதிகம்னா என்ன அர்த்தம்? வெளிநாட்டுக்குப் போச்சுன்னு நாம எழுதிக் கொடுத்த துணி இன்னும் இங்கயே இருக்குன்னு அர்த்தம். எழுதிக் கொடுத்ததைப் பொய்னு சொல்லுவாங்க. இதுக்குத் தீர்வையும் கட்டலை, ஏற்றுமதியும் பண்ணலை. ராத்திரியோட ராத்திரியா கடைத்தெருவுக்கு ஓட்டறதுக்கு வெச்சிருக்கோம்னு நினைப்பாங்க."

முதலாளி நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "யாருக்குத் தெரியும் இது?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்ப... புத்தகத்துல ரெண்டாயிரத்து எண்ணூறுதானே? ரேக்கிலயும் ரெண்டாயிரத்து எண்ணூறே இருந்துட்டா?"

"சார்," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. "அவங்க நம்ம மேல சந்தேகப்படப்போற காரியத்தை நாமளே செஞ்சு காட்டிரலாம்கிறீங்களா?"

அவர் கையைத் தூக்கினார். "கோபப்படாதம்மா. வாய்ல வந்துச்சு, சொன்னேன்." அதோடு நிற்காமல் இன்னொன்றும் கேட்டார். "துணி எப்படிம்மா மிஞ்சும்? கோட்டைச் சின்னதா வெட்டினா மிஞ்சும். அப்படி ஏதாவது...?"

வெட்டுகிறவள் என் அண்ணி.

என் அண்ணன் மனைவிதான். போன வருஷம் இங்கே கட்டிங் வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது நான்தான் கூட்டிவந்து விட்டேன். அதற்கு முன் ஒரு குடை தொழிற்சாலையில் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு வேலை என்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. அந்த வீடு அண்ணியின் கையில்தான் ஓடுகிறது. முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றாள். கையில் சாக்குக்கட்டி வெள்ளை.

"கோட்டு அளவுல எங்கயாவது குறைச்சிருக்கியாம்மா?" என்றார் முதலாளி, சுற்றி வளைக்காமல்.

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பேட்டர்ன் எப்படிக் கொடுத்தீங்களோ அப்படித்தான் சார் வெட்டுறேன். துணி மிஞ்சுதுன்னு முதல் மாசமே சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னே?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. சொன்னது என்னிடம்தான். சாப்பாட்டு நேரத்தில், "துணி மிச்சமாகுது, எழுதிக்கோ" என்றாள். "அதெல்லாம் கணினி பாத்துக்கும் அண்ணி" என்று நான் ஒரு படித்த மகராசி மாதிரி பதில் சொன்னேன்.

"என்கிட்டதான் சார் சொன்னாங்க," என்றேன். "நான்தான் கேக்கலை."

அவள் போன பிறகும் முதலாளியின் கேள்வி அறையிலேயே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் வேண்டுமென்று செய்திருப்பாள் என்று நினைக்கவில்லை. அறுபது அடுக்கு துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காகிதத்தில் கோடு போட்டு, மின்கத்தியை அந்தக் கோட்டின் மேல் ஓட்டுகிறாள். கத்தி அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் உள்ளே போனால்? பதினொரு மாதமும் போயிருந்தால்? என் அண்ணியையே நான் இப்படி யோசித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

ஒவ்வொரு சரக்கு போகும்போதும் ஒரு கோட்டை தரம் பார்க்கும் அறையில் மாட்டி வைப்போம். வாங்குகிறவர் பின்னால் குறை சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு. செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த அறைக்குள் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். பன்னிரண்டு கோட்டும் வரிசையாகத் தொங்கின. அளவு நாடாவை எடுத்தேன். மார்பு, தோள், கை நீளம், கைக்குழி, முதுகு நீளம். ஒன்றை அளந்து, நம்பாமல் அடுத்ததை அளந்து, பன்னிரண்டையும் அளந்து முடித்தேன். வாங்குகிறவர் கொடுத்த அளவுத்தாளோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரி. எங்கேயாவது மாறியிருந்தாலும் ஒப்புக்கொண்ட வித்தியாசத்துக்குள்தான். ஒரு கோட்டு கை நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிகமாகவே இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த தெம்பு இருக்கிறதே! அப்படியே வெட்டும் பகுதிக்குப் போனேன். அண்ணி சாப்பிடப் போகாமல் நீள மேஜைக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எப்படி மிஞ்சுது? எனக்குக் காட்டுங்க."

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். பேச்சில் உப்பு இருந்தது. ஆனால் காட்டினாள்.

பழைய காகிதம் ஒன்றைப் பிரித்து மேஜையில் விரித்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் போட்டது. ஒவ்வொரு கோட்டின் துண்டுகளும் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தின. முன்பாகம், பின்பாகம், கை, காலர், பாக்கெட் எல்லாம் அந்தந்தக் கோட்டோடு. நடுவில் வெறும் இடம். பக்கத்தில் அவளுடைய காகிதத்தை விரித்தாள். நான்கு கோட்டின் துண்டுகளை ஒன்றாகக் கலந்திருந்தாள். ஒரு கோட்டின் கைக்குழி வளைவுக்குள் இன்னொரு கோட்டின் பாக்கெட் மூடி உட்கார்ந்திருந்தது. காலர்கள் தலைகீழாகத் திரும்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. துணியின் கரை ஓரத்தில், யாரும் தொடாத அந்தக் கடைசி நாலு விரல் அகலத்தில், உள்பக்கம் வைக்கிற பட்டைகள் ஓடின.

"குடைத்துணி வெட்டி வந்த கை இது," என்றாள். "முக்கோணத்தை அடுக்கி அடுக்கிப் பழக்கமாயிடுச்சு. இடம் சும்மா கிடந்தா எனக்குப் பிடிக்காது."

"ஒரு கோட்டுக்கு எவ்வளவு ஆகுது?"

"ஒண்ணு நாப்பத்தெட்டு."

ஒன்று புள்ளி ஆறில் ஒன்று நாற்பத்தெட்டு போனால் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒன்பதாயிரத்து ஐந்நூறால் பெருக்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பது. ஒரு மீட்டர்கூட முன்னே பின்னே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளோ என்னைப் பார்க்காமல் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது. கையிருப்பில் இவ்வளவு அதிகம், காரணம் இது, பயன்பாட்டை உண்மை அளவில் எழுதாமல் ஒப்புக்கொண்ட அளவிலேயே எழுதிவிட்டோம், தவறு எங்களுடையது, துணி முழுக்கக் கிடங்கிலேயே இருக்கிறது, வந்து பார்த்துக் கணக்கைத் திருத்த அனுமதியுங்கள். முதலாளி அதைப் படித்துவிட்டு, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாமளே போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

"வியாழக்கிழமை அவர் வந்து எண்ணினா அப்பவும் தெரியத்தான் போகுது. அவர் கண்டுபிடிச்சா திருட்டு. நாம சொன்னா தப்பு. திருட்டுக்கு லைசென்ஸ் போகும். தப்புக்குத் திட்டு விழும். திட்டு எனக்கு விழட்டும்."

"உனக்கு எங்கேர்ந்தும்மா இவ்வளவு தைரியம்?"

"கோட்டு சரியா இருக்கு சார்," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை காலையில் அலுவலகம் திறந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை வந்த அதிகாரிக்கு எங்கள் வட்டாரத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் எல்லோருக்கும் அதிக பயம். என் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். முதலில் ரோல்களை எண்ணினார். ஒவ்வொரு ரோலிலும் ஆலை ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, இறக்குமதிக் காகிதத்தோடு ஒப்பிட்டார். பிரிந்த ரோல்களை மேஜையில் ஓட்டி அளக்கச் சொன்னார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. என் எண்ணிக்கைதான்.

"எண்ணிக்கை சரி. கதைதான் சரியான்னு பார்க்கணும்," என்றார். "துணி மிஞ்ச மூணு வழி இருக்கு. ஒண்ணு, நீங்க சொல்ற மாதிரி நல்லா வெட்டறது. ரெண்டு, கோட்டைச் சின்னதா வெட்டறது. மூணு, கொஞ்சம் கோட்டை உள்ளூர்த் துணியில தெச்சு அனுப்பிட்டு, வெளிநாட்டுத் துணியை மிச்சம் பிடிக்கறது. நான் ஏன் முதல் வழியை நம்பணும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். புதன்கிழமை முழுக்க அதோடுதான் குடித்தனம் நடத்தியிருந்தேன்.

"குப்பையைப் பாருங்க சார்," என்றேன்.

வெட்டும்போது விழும் துண்டுகளையும் நாங்கள் வெளியே போட முடியாது. அதுவும் தீர்வை கட்டாத துணிதான். சாக்கில் கட்டிக் கிடங்கின் மூலையில் வைத்திருப்போம். அதிகாரி அனுமதித்தால் அவர் முன்னால் அழிக்கலாம், அல்லது அதற்கான தீர்வையைக் கட்டி விற்கலாம். இந்த வருஷத்துச் சாக்கு ஒன்றுகூட இன்னும் வெளியே போகவில்லை. முப்பத்தெட்டு சாக்கு, என் உயரத்துக்கு அடுக்கி நின்றன.

"மீட்டருக்கு இருநூறு கிராம் துணி சார் இது. பழைய அளவுப்படி வெட்டியிருந்தா நானூற்று ஐம்பத்தாறு கிலோ குப்பை விழணும். எங்க அண்ணி... கட்டிங் பாக்கறவங்க வெட்டின மாதிரின்னா, இருநூற்று இருபத்தெட்டு. கோட்டைச் சின்னதா வெட்டியிருந்தா கோட்டுக்குள்ள போறதுதான் குறையும், குப்பை குறையாது. நானூற்று ஐம்பது பக்கத்துல நிக்கும். உள்ளூர்த் துணியைக் கலந்திருந்தா எழுநூறு கோட்டோட குப்பை மட்டும்தான் குறையும். அப்பவும் நானூறுக்கு மேல இருக்கணும். குப்பை பாதியாகறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு."

பூதக்கண்ணாடி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "தராசு எங்கே?"

ஒவ்வொரு சாக்காக எடை போட்டோம். ஒன்றிரண்டை அவிழ்த்துக் கொட்டச் சொல்லித் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாம் அதே நீலச் சாம்பல் துணி, எல்லாம் குறுகிய கீற்று. மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. சாக்கின் எடையைக் கழித்தால் இருநூற்று இருபத்தேழு. என் முதலாளி அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். எனக்கோ ஆட வேண்டும் போல இருந்தது.

"இன்னும் முடியலை," என்றார் அதிகாரி. "கை நீள அளவு எல்லாம் தரம் பார்க்கிற அறையில இருக்கிற கோட்டுல நான் பார்த்துக்கறேன். அதுக்கு முன்னால, வெட்டறவங்க என் முன்னால ஒரு தடவை வெட்டிக் காட்டட்டும்."

அண்ணி தயாராக இருந்தாள். புதிதாக ஒரு ரோலைப் பிரித்து, பத்து அடுக்கு போட்டாள். அவளும் எதிரில் நின்ற பெண்ணும் துணியைப் பிடித்து நீவி விட்ட நீவலில் ஒரு சுருக்கம் இல்லை. மேலே காகிதத்தை வைத்துப் பொருத்தினாள். நான்கு கோட்டு, இரண்டு அளவு. அதிகாரி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நாடா பிடித்து அளந்தார். ஐந்து மீட்டர் தொண்ணூற்று நான்கு.

"நாலால வகுத்தா ஒண்ணு நாப்பத்தெட்டரை. சொன்னதைவிட அரை சென்டிமீட்டர் அதிகமா இருக்கே?"

"இந்த ரோல் நுனி கோணலா இருக்கு சார்," என்றாள் அண்ணி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை நேராக்க ரெண்டு சென்டிமீட்டர் விட்டேன். வேண்டாம்னா கோணலாவே வெட்டித் தரேன், உங்க மழைக்கோட்டுல ஒரு பக்கம் மட்டும் நனையும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சிரித்தே விட்டார். பூதக்கண்ணாடி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரியா நாப்பத்தெட்டே வந்திருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்மா," என்றார். "வெட்டுங்க."

அவள் வெட்டினாள். கத்தி கைக்குழியில் திரும்பிய இடத்தில் பக்கத்துக் கோட்டின் பாக்கெட் மூடி தானாக விடுபட்டு வந்தது. வெட்டி முடித்ததும் மேஜையில் கிடந்த கீற்றுகளை அள்ளினால் ஒரு சின்ன மூட்டைகூட நிறையவில்லை.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. துணி கிடங்கை விட்டு வெளியே போகவே இல்லை, அதனால் தீர்வை எதுவும் இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டரும் பாண்டு கணக்கில் திரும்ப ஏற வேண்டும், பழைய பயன்பாட்டு அறிக்கை எல்லாம் திருத்தப்பட வேண்டும். இனிமேல் ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் எடுத்தது, திரும்பியது, குப்பை மூன்றையும் அளந்து உள்ளபடி எழுத வேண்டும். கணக்கைப் பார்க்காமல் எழுதியவளுக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் எச்சரிக்கை. அதை வாங்கிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. வாங்க வேண்டியதுதான் அது.

அதிகாரியின் வண்டி திரும்பியதும் முதலாளி ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "எழுநூற்று எழுபது கோட்டும்மா! ஒரு மீட்டர் புதுசா வாங்காம எழுநூற்று எழுபது கோட்டு! நீ மட்டும் இல்லேன்னா..."

"நான் இருந்ததனாலதான் சார் இவ்வளவும். அண்ணி முதல் மாசமே சொன்னதை எழுதியிருந்தா இந்த எழுநூற்று எழுபதும் எப்பவோ கப்பல் ஏறியிருக்கும். தாங்க்ஸ் அங்க சொல்லுங்க. சும்மா தாங்க்ஸ் மட்டும் சொல்லிட்டு வந்துராதீங்க. அவங்க கை இல்லேன்னா அந்த நாப்பத்தெட்டு கிடையாது, அதை மனசுல வெச்சுட்டுச் சம்பளத்தைப் பேசுங்க."

அவர் போனார். என்ன பேசினார் என்று தெரியவில்லை, திரும்பி வரும்போது பேனாவை மூடிக்கொண்டே வந்தார்.

ஐந்தரைக்கு நானும் அண்ணியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எப்போதும் சேர்ந்துதான் போவோம். மூன்று நாளாக அவள் அதிகம் பேசவில்லை. அன்று நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். சாக்கை எடை போட்டபோது முதலாளி முகம் போன போக்கு, பூதக்கண்ணாடி சிரித்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவள் சாலையைப் பார்த்தபடி இருந்தாள்.

"நீ அளந்து பாத்தே, இல்ல?" என்றாள் திடீரென்று.

"எதை?"

"தொங்கற கோட்டை. செவ்வாய்க்கிழமை மத்தியானம். கதவு சாத்தியிருந்துச்சு."

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "அளந்தேன்," என்றேன். "மன்னிச்சுக்கோங்க அண்ணி. முதலாளி கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்களைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"சரியா இருந்துச்சா?"

"பன்னெண்டும் சரியா இருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணை அதுவரை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இரண்டு இமையும் தடித்துச் சிவந்திருந்தன.

"சொல்லக் கூடாதாடி," என்றாள். "கத்தி உள்ள போயிருக்குமோ, உள்ள போயிருக்குமோன்னு மூணு ராத்திரி நான் கண்ணையே மூடலை."